சம்பந்தியை ஏசும்போது எங்கே சறுக்குகிறது?

கடலூர் பக்கத்துக் கல்யாணங்களில் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் மாறி மாறிப் பாடும் ஏசல் பாட்டு இன்னும் முழுசாகச் செத்துவிடவில்லை. நலங்கு வைக்கும்போது ஒரு அத்தை ஆரம்பிப்பார். எதிர்வரிசையில் ஒருத்தர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பதில் கொடுப்பார். புதுசாகப் பாட்டுக் கட்ட வருகிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள். ரெண்டே வரி, நாலு நாலு கைத்தட்டு என்பதால் சுலபம் என்று நினைக்கிறார்கள். சுலபம்தான். ஆனால் தப்புகிற இடங்கள் எப்போதும் அதே இடங்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் நடந்த எங்கள் வீட்டுக் கல்யாணத்தையே எடுத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை புதுச்சேரி. சம்பந்தி நல்ல ஆகிருதி, சாப்பாட்டுப் பிரியர், அதைத் தானே சொல்லிச் சிரிப்பவர். அவரைப் பற்றி என் தங்கை முதலில் எழுதி வந்தது இது:

எங்க சம்பந்தி ரொம்பச் சாப்பிடுறாரு,
பந்தியில ரொம்ப நேரம் உக்காருறாரு.

படித்ததும் அத்தை, "இது பாட்டா, புகாரா?" என்று கேட்டார்.

ரெண்டு வரியும் 'றாரு' என்று முடிகிறதே, இயைபு இருக்கிறதே என்று தங்கைக்கு வருத்தம். இங்கேதான் முதல் தவறு. தமிழில் வினைச்சொல்லின் வால் தானாகவே ஒத்துப்போகும். வந்தாரு, போனாரு, நின்னாரு என்று எதைச் சொன்னாலும் கடைசியில் 'ஆரு' ஓசியில் கிடைக்கும். ஓசியில் கிடைத்ததைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. காது எதிர்பார்ப்பது முன்பக்கம், அதாவது எதுகையை. சீரின் ரெண்டாவது எழுத்து ஒத்துப்போக வேண்டும். அதற்கு முன்னால் நிற்கும் முதல் எழுத்து குறிலுக்குக் குறிலாகவும் நெடிலுக்கு நெடிலாகவும் இருக்க வேண்டும். பட்டு, கட்டு, தட்டு ஒட்டும். பாட்டு அந்தக் கூட்டத்தில் சேராது. அது கூட்டு, வீட்டு, சேட்டு பக்கம் போக வேண்டியது. இலக்கணம் படிக்காத பாட்டிகள்கூட இதில் தப்பவே மாட்டார்கள், கைத்தட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே வரியை எழுதும் முன் சொற்களைத் திரட்ட வேண்டும். 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்று பழமொழியே எடுத்துக்கொடுக்கிறது. பந்தி, முந்தி, தொந்தி, குந்தி, சந்தி. எல்லாம் குறில், பின்னால் 'ந்தி'. சம்பந்திக்குள்ளேயே ஒரு பந்தி உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சொற்களை வைத்து ரெண்டாவது முறை வந்தது இது:

தொந்தி தள்ளி எழுந்தாராம், பந்தக் காலு சாஞ்சுதாம்,
முந்தி முந்தி வந்தாராம், மூணு பந்தி தின்னாராம்.

ஓசை வந்துவிட்டது, ஆனால் சிரிப்பு பாதியிலேயே அவிந்தது. பெரிய அடியை முதல் வரியிலேயே கொடுத்துவிட்டால் ரெண்டாவது வரி வெறும் விளக்கமாகிவிடும். கேட்பவர்கள் முதல் வரியில் நிதானமாக நடந்து வந்து, கடைசிச் சீரில்தான் வழுக்கி விழ வேண்டும். அதுவும் கடைசிச் சொல்லில் விழுந்தால் இன்னும் நல்லது.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றை அத்தை பிடித்தார். "பந்தக்காலு சாயறதாவது! முகூர்த்தக்கால்டி அது. கல்யாண வீட்டுல சொல்ற வார்த்தையா?" சிரிக்க வைக்கப் போய் அபசகுனம் பேசிவிட்டு, அதை மூணு வருஷம் கழித்தும் நினைவுபடுத்தும் குடும்பங்கள் உண்டு. பந்தக்கால், தாலி, விளக்கு, மணை இவற்றைக் கவிழ்க்கவோ அணைக்கவோ உடைக்கவோ கூடாது. உடைய வேண்டியது வேறு பொருளாக இருக்கட்டும்.

மண்டபத்தில் என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தோம். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் சேர். கனத்த ஆள் எழுந்தால் அதுவும் கூடவே எழுந்து வரும், எல்லாரும் பார்த்த காட்சி. உட்காருவதற்கு எங்கள் பக்கத்துப் பேச்சு 'குந்து' என்பதால் எதுகையும் கையிலேயே இருந்தது:

முந்தி முந்தி வந்தாராம், மூணு பந்தி தின்னாராம்,
தொந்தி தட்டி எழுந்தாராம், குந்தின சேரும் கூடவாம்!

இதில் 'ஆம்' செய்யும் வேலையைக் கவனியுங்கள். நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது என்று அந்த ஒரு அசை பழியைத் தள்ளிவிடுகிறது. 'தின்னாரு' என்று நேராகச் சொன்னால் குற்றச்சாட்டு, 'தின்னாராம்' என்றால் கதை. உள்ளே ஒரு புகழ்ச்சியும் ஒளிந்திருக்கிறது. மூணு பந்தி தின்றார் என்றால் பெண் வீட்டுச் சமையல் அப்படி. வஞ்சப்புகழ்ச்சி என்று புத்தகத்தில் சொல்வது கல்யாண வீட்டில் இந்த அளவில்தான் புழங்குகிறது.

பாடியதும் சம்பந்தி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சேரோடு எழுந்து காட்டினார். ஏசல் சரியாக விழுந்ததற்கு அதுதான் அடையாளம்: ஏசப்பட்டவரே நடித்துக் காட்டுவார்.

ஆனால் அதே மாலையில் ஒன்று கெட்டும் போனது. எங்கள் பக்கத்து இளைஞன் ஒருவன், புதுச்சேரி என்றதும் வழக்கமாக வருகிற சாராய பாட்டில் கேலியைக் கட்டி எடுத்துவந்தான். எதுகை பழுதில்லை, தாளமும் பழுதில்லை. எதிர்வரிசையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் ஒருவரைக் குடி கொண்டுபோயிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏசலில் சொல்லும் குறை ஊருக்கே பொய் என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆளே சொல்லிச் சிரிக்கும் குறையாக இருக்க வேண்டும். நிறம், குழந்தை இல்லாதது, சீர்வரிசைக் கணக்கு, கடன், குடி இவற்றுக்குப் பொய்யாக்கும் வழியே இல்லை. போதாததற்கு, ஊர்ப்பெயரை வைத்துச் செய்யும் கேலி சோம்பேறித்தனம். புதுச்சேரிக்காரர்கள் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள்.

முறையும் பார்க்க வேண்டும். மாமன், மச்சான், அத்தை மகள், கொழுந்தன், சம்பந்தி என்று கொள்வினை கொடுப்பினை உள்ள பக்கம்தான் கேலிக்கு உரிமை. சித்தப்பா, அண்ணன் என்று பங்காளி வரிசையில் இருப்பவரை அதே வரியால் ஏசினால் அது வெறும் திட்டு.

கடைசியாக, பதிலுக்கு இடம் விடாமல் கட்டுவது. எதிராளிக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும். "நீ ஒரு மடையன்" என்பதற்கு என்ன பதில் பாடுவது? சேர் இருந்ததால் மாப்பிள்ளையின் அத்தை அந்தாதி போல அதையே தலையில் வைத்துத் தொடங்கினார்:

குந்தச் சேரு கேட்டாராம், கொழந்தைச் சேரு போட்டாங்களாம்,
வந்த சனம் மாட்டிக்கிச்சாம், வாளிச் சோறு மிச்சமாம்!

அடுத்த பந்திக்கு யாரும் எழுந்து வரக்கூடாது என்று சின்ன சேராகப் போட்ட கஞ்சர்கள் நாங்கள் என்று அர்த்தம். தொந்தியின் குற்றம் ஒரே மூச்சில் எங்கள் தலைக்கு மாறிவிட்டது. அடுத்து நாங்கள் 'வாளி'யிலிருந்து எடுக்க வேண்டும். நெடில், பின்னால் 'ள'. ஆளு, தோளு, நாளு, தேளு என்று அத்தை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.