டெபாசிட் பிடித்தத்துல இழுபறியா? நடுவுல ஒரு பெரியவர வைக்கிறது எப்படி

நம்ம குமரி மாவட்டத்துல இருந்து இங்கிலாந்துக்கு படிக்கவோ வேலைக்கோ வர்றவங்கள்ல நிறைய பேரு முதல்ல தங்குறது யாராவது ஊர்க்காரங்க வீட்டு ரூம்லதான். மார்த்தாண்டத்துக்காரர் ஒருத்தர் கீழ குடும்பத்தோட இருப்பாரு, மாடியில ஒரு ரூம நமக்கு விடுவாரு, டெபாசிட் ஒரு மாச வாடகை. போகும்போது அதுல எவ்வளவு பிடிக்கணும்னு வர்ற சண்டையப் பத்திதான் இத எழுதுறேன், ஏன்னா எனக்கே நடந்துச்சு.

முதல்ல ஒரு விஷயத்த தெளிவா தெரிஞ்சுக்கோங்க. வீட்டுக்காரர் வேற இடத்துல இருந்து, வீட்ட நீங்க தனியா வாடகைக்கு எடுத்திருந்தா, சாதாரணமா அவரு டெபாசிட்ட வாங்கின 30 நாளுக்குள்ள அரசு அங்கீகரிச்ச மூணு பாதுகாப்பு திட்டத்துல ஒண்ணுல பதிவு பண்ணியே ஆகணும், தகராறு வந்தா அவங்களே இலவசமா கேட்டு முடிவு சொல்லுவாங்க, அப்போ பெரியவரெல்லாம் தேவையில்ல. ஆனா வீட்டுக்காரர் இருக்குற அதே வீட்டுல ஒரு ரூம்ல இருந்தா உங்களுக்கு பேரு லாட்ஜர், லாட்ஜருக்கு இந்த சட்டம் பொருந்தாது. மிச்சம் இருக்குறது நேர்ல பேசுறது, இல்லன்னா சின்ன தொகை வழக்குகள கேக்குற ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ஊர்ப் பெரியவர் வர்றாரு.

என் கதை இதுதான். டெபாசிட் 650 பவுண்டு. ரூம காலி பண்ணி பத்து நாள் கழிச்சு 260 மட்டும் அக்கவுண்ட்ல வந்துச்சு. மெத்தையில கறை, அதுக்கு 180, சுவருக்கு பெயின்ட் 150, கிளீனிங் 60, ஆக 390 பிடிச்சாச்சுன்னு வீட்டுக்கார அண்ணன் ஒரு மெசேஜ் போட்டாரு. மெத்தையில கறை இருந்தது உண்மைதான், தலைக்கு தேங்காய் எண்ணெய் தேச்சுட்டு படுத்ததுல வந்தது. சுவருல மாதா படம் மாட்ட ரெண்டு ஆணி அடிச்சிருந்தேன். அதுக்கு இவ்வளவான்னு நான் கேட்க, அவரு கோபப்பட, ஒரு வாரம் அப்படியே போச்சு. அதுக்குள்ள ஊர்ல அவரோட மைனி எங்கம்மாவ கருங்கல் சந்தையில பாத்து "உங்க பிள்ள வீட்ட நாசம் பண்ணிட்டானாமே"ன்னு கேட்டிருக்காங்க. இந்த கட்டத்துக்கு முன்னாடியே நடுவுல ஆளு வச்சிருக்கணும், அதத்தான் நான் பிந்திப் பண்ணினேன்.

260 வந்ததும் நான் முதல்ல எழுதினது, "அண்ணே பணம் கெடச்சிது, இது ஒரு பகுதின்னு எடுத்துக்கிறேன், மிச்சத்தப் பத்தி பேசிக்கலாம்"ன்னு. சும்மா இருந்தா சரின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடக்கூடாது பாருங்க.

அடுத்து ஆளு. உங்க சித்தப்பாவையோ உங்க கூட்டாளியையோ சொன்னீங்கன்னா எதிராளி அப்பவே கதவ அடைச்சிருவாரு, அதுலயும் நியாயம் இருக்கு. ரெண்டு குடும்பத்துக்கும் கடன் கிடையாது, கல்யாண சம்பந்தம் கிடையாது, ஒரே சபை கமிட்டியில சேர்ந்து உக்காந்தவங்க கிடையாது, அப்படி ஆளா மூணு பேர சொல்லி அதுல ஒருத்தர அவரே எடுக்கட்டும்னு விடுங்க. அவரே எடுத்த ஆளுன்னா அந்த ஆளு பேச்ச தள்ள அவருக்கே கஷ்டமா இருக்கும். நான் சொன்னதுல ரெண்டு பேரு இங்க லண்டன்லயே இருக்குறவங்க, மூணாவது குழித்துறையில ரிட்டயர்ட் ஆன ஒரு கணக்கு சாரு. அண்ணன் எடுத்தது சார.

நான் அனுப்பின மெசேஜ்: "அண்ணே, நாம ரெண்டு பேரும் பேசினா சூடாவுது. நடுவுல ஒருத்தர் கேட்டா நல்லா இருக்கும்னு தோணுது. கீழ உள்ள மூணு பேர்ல உங்களுக்கு யாரு சரின்னு படுதோ சொல்லுங்க. டெபாசிட்ட பத்தி மட்டும் பேசுவோம், வேற பழைய விஷயம் எதுவும் வேண்டாம். இந்த மாசம் 20க்குள்ள முடிச்சிரலாம். முடியலன்னா அவங்கவங்க வழி பாத்துக்கலாம்." இதுல தேதி முக்கியம், இல்லன்னா பெரியவர் பேருல மாசக்கணக்கா இழுக்கலாம். கோர்ட்டுன்னு மொத மெசேஜ்லயே எழுதாதீங்க, சாதாரணமா அதுக்கு ஆறு வருஷம் டைம் இருக்கு, எங்கயும் ஓடிராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு வாட்ஸ்அப் கால், அது கோடைகாலம்ங்கிறதால ஊர்ல ஏழரை. அதுக்கு முன்னாடி நாள் ரெண்டு பேரும் ஒரே குரூப்ல பேப்பர் போட்டோம், எனக்கு தனியா சாருக்கு அனுப்பணும்னு கை துடிச்சுது, பண்ணல, அது தெரிஞ்சா நடுநிலைங்கிறது போச்சு. நான் போட்டது குடிவந்த அன்னைக்கு எடுத்த ரூம் போட்டோ, டெபாசிட் போட்ட பேங்க் ஸ்டேட்மென்ட், காலி பண்ணின அன்னைக்கு எடுத்த வீடியோ.

சாரு காமெரா பாதி நேரம் மேல ஓடுற ஃபேனத்தான் காட்டிச்சு, ஆனா கேள்வி ஒவ்வொண்ணும் குறி தப்பாம வந்துச்சு. "மெத்த எப்ப வாங்கினது, பில்லு இருக்கா?" அண்ணன் தேடி எடுத்து போட்டாரு, அஞ்சு வருஷம் முன்னாடி 200 பவுண்டுக்கு வாங்கினது. "ஒரு மெத்த எத்தன வருஷம் ஓடும்?" எட்டுன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம். நாட்காட்டி தாள கிழிச்சு பின்பக்கம் எழுதி காட்டினாரு: எட்டுல அஞ்சு போயாச்சு, மிச்சம் மூணு, 200ல அது 75. பழசுக்கு பதிலா புதுசுக்கு காசு கேக்கக்கூடாதுங்கிறதுதான் இதுல உள்ள நியாயம், இங்க அந்த பாதுகாப்பு திட்டங்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் கணக்கு பாப்பாங்க.

சுவருக்கு பெயின்ட் அடிச்சு நாலு வருஷம், புழக்கத்துல மங்கினத ஃபேர் வேர் அண்ட் டேர்னு சொல்லுவாங்க, அத வாடகைக்காரன் தலையில போட முடியாது. ஆனா ஆணி நான் அடிச்சது, ஓட்ட அடைக்க 20. கிளீனிங்குக்கு அண்ணன்கிட்ட பில்லும் இல்ல போட்டோவும் இல்ல, என் வீடியோவுல அடுப்பு பக்கம் கொஞ்சம் பிசுக்கு தெரிஞ்சுது, நானே 30 சரின்னேன். மொத்தம் 125. அப்படின்னா எனக்கு வரவேண்டியது 525, வந்தது 260, மிச்சம் 265.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "சாரு சொன்னா சரிதான்"ன்னாரு. நான் அப்பவே குரூப்ல டைப் பண்ணினேன்: 265, வெள்ளிக்கிழமைக்குள்ள, பேங்க் ட்ரான்ஸ்ஃபர், அதோட டெபாசிட் விஷயம் முடிஞ்சுது, ரெண்டு பேரும் ஊர்ல இதப்பத்தி பேசுறதில்ல. அண்ணன் "சரி"ன்னு பதில் போட்டாரு. இந்த ஒரு வரி இல்லன்னா மறுநாள் "நான் அப்படி ஒத்துக்கவே இல்ல"ன்னு வரலாம், பேச்சு மட்டும் இருந்தா கோர்ட்ல நிரூபிக்கவும் பாடு.

சாரால யாரையும் கட்டாயப்படுத்த முடியாதுங்கிறதையும் சொல்லணும். எதிராளி பேப்பர் போட மாட்டேன்னாலோ, பெரியவரு கணக்க விட்டுட்டு "சின்னவன் நீ விட்டுக்கொடு"ன்னு ஆரம்பிச்சாலோ மரியாதையா நன்றி சொல்லி முடிச்சிருங்க. அப்புறம் எவ்வளவு, எதுக்கு, எந்த தேதிக்குள்ளன்னு ஒரு கடைசி லெட்டர் எழுதி அனுப்பி, பதில் இல்லன்னா ஆன்லைன்ல கிளெய்ம் போடலாம். ஃபீஸ் கட்டணும், ஜெயிச்சா சாதாரணமா அதையும் சேர்த்து எதிராளிகிட்ட வாங்கலாம்.

எனக்கு வியாழக்கிழமையே 265 வந்துச்சு. ரசீத குரூப்ல போட்டுட்டு, சாருக்கு போன் பண்ணி சொல்லிட்டு, அடுத்த தடவ ஊருக்கு போனப்போ அம்மாவையும் கூட்டிக்கிட்டு குழித்துறைக்கு போய் பாத்துட்டு வந்தேன்.