சர்க்கரைப் பொங்கலில் கறி வாசம்: குக்கர் மூடியைக் கழுவுவதில் நேரும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை குக்கரில் ஆட்டுக்கறி வேகவைத்தேன். திங்கட்கிழமை அதே குக்கரில் சர்க்கரைப் பொங்கல். ஒரு வாய் எடுத்து வைத்ததுமே நெய் மணத்துக்கு அடியில் கறி வாசம் தட்டியது. குக்கரைத் தேய்த்துப் பளபளவென்றுதான் வைத்திருந்தேன். மூடியிலிருந்து ரப்பரைக் கழற்றி முகர்ந்தேன். வாசம் அங்கேதான் இருந்தது.

முதல் தவறு, ரப்பரைக் கழற்றாமலே மூடியைக் கழுவுவது. ஆவியோடு மேலேறும் கொழுப்பும் மசாலாவும் ரப்பருக்குள் ஊறிவிடுகின்றன. அடுத்த முறை சூடேறும்போது அவை மீண்டும் வெளியே வருகின்றன. ரப்பர் உட்காரும் பள்ளத்தை விரலால் வழித்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டினால் அது பழைய பருப்பு நுரையும் எண்ணெயும்தான். பாத்திரம் துலக்கும் சோப்பு, வெதுவெதுப்பான நீர், பழைய பல்துலக்கி, இவை போதும். இரும்பு நார் வேண்டாம். அது ரப்பரைக் கீறிவிடும், கீறலில் இன்னும் அழுக்கு சேரும்.

சோப்புக்குப் பிறகும் வாசம் இருந்தால், அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, ரப்பரை மட்டும் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். அலுமினிய மூடியையும் சேர்த்துப் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. சோடா அலுமினியத்தைக் கறுக்கச் செய்துவிடும். சோடாவோடு வினிகரைக் கலப்பதிலும் பயனில்லை. நுரை பொங்குவது சுத்தமாவது போலத் தோன்றினாலும், இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. வினிகர் வேண்டுமென்றால், சோடாவை நன்றாக அலசிய பிறகு தனியாகப் பயன்படுத்துங்கள். பிளீச்சிங் திரவத்தை மட்டும் அருகில் கொண்டுவராதீர்கள், ரப்பர் கெட்டுவிடும்.

மூடியில் வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஓட்டை வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மெல்லிய கம்பியால் குத்தி, குழாய்நீரில் அலசுங்கள். சேஃப்டி வால்வை அப்படிக் குத்தக் கூடாது. அதன் நடுவிலுள்ள உலோகம் அதிகச் சூட்டில் உருகி வழிவிடுவதற்காக வைக்கப்பட்டது. வெளியே துடைத்தால் போதும்.

கழுவிய ரப்பரை வெயிலில் காயப்போடுவது நம் வீடுகளில் வழக்கம். வாசம் போகும்தான், ஆனால் நாளடைவில் ரப்பர் விறைத்து வெடிக்கும். நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மூடியில் மாட்டி, குக்கரையும் இறுக மூடி அலமாரியில் வைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். மூடியைக் கவிழ்த்துக் குக்கர் மேல் தளர்வாக வையுங்கள், ரப்பர் தனியே கிடக்கட்டும்.

உலர்ந்த ரப்பரை மடித்துப் பாருங்கள். வளைவில் வெடிப்புக் கோடு தெரிந்தாலோ, மூடிய குக்கரின் விளிம்பில் ஆவி கசிந்தாலோ, அதை மாற்றத்தான் வேண்டும். என் ரப்பரில் வெடிப்பு இல்லை, சோடாவில் ஊறிய பின் வாசம் குறைந்தது, ஆனால் முற்றிலும் போகவில்லை. அதைக் கறிக்கென்று ஒதுக்கிவிட்டு, பொங்கலுக்கும் பாயசத்துக்கும் அதே அளவில் புதிதாக ஒன்று வாங்கினேன். இரண்டும் சமையலறையில் வெவ்வேறு ஆணியில் தொங்குகின்றன.