கிரானி போர்வை: கடைசிச் சுற்றில் கோட்டை விடாதீர்கள்

குரோஷே கற்க வருபவர்கள் கிரானி சதுரத்தின் மூலையில் ஒரு கொத்தை, அதாவது ஒரே இடைவெளியில் சேர்த்துப் போடும் மூன்று தையல்களை, விட்டுவிட்டால் நான் வாய் திறப்பதில்லை. சதுரம் கோணும்போது அவர்களுக்கே தெரிந்துவிடும். முடியும் தறுவாயில் மட்டுமே வெளிப்படும் தவறுகள்தான் என் பொறுமையைச் சோதிக்கின்றன.

இணைக்கும் நிறத்தைக் குறைத்து வாங்குவது

கடைசிச் சுற்றைப் பின்னும்போதே பக்கத்துச் சதுரத்தோடு இணைத்துக்கொண்டு போகும் போர்வையில், அந்தச் சுற்று பெரும்பாலும் எல்லாச் சதுரங்களிலும் ஒரே நிறமாக இருக்கும். நான்கு சுற்று, நான்கு நிறம், ஆகவே நூலும் சம அளவு என்று வாங்கிவிடுகிறார்கள். சுற்றுகளில் வரும் கொத்துகளை எண்ணிப் பாருங்கள்: 4, 8, 12, 16. மொத்தம் 40 கொத்தில் கடைசிச் சுற்றுக்கு மட்டும் 16. நூலில் ஐந்தில் இரண்டு பங்கு அங்கேயே போய்விடுகிறது.

என்னிடம் கற்ற ஒரு பெண் 100 சதுரப் போர்வைக்கு நிறத்துக்கு 250 கிராம் வாங்கினார். இணைப்புக்கு எடுத்தது சந்தன வெள்ளை. சதுரத்துக்கு 4 கிராம் பிடித்ததால் ஏழாவது வரிசையின் தொடக்கத்திலேயே நூல் தீர்ந்தது. கடைக்காரர் "அதே நம்பர்தான் அம்மா" என்று புதுக் கட்டைக் கொடுத்தார். நிற எண் அதேதான், ஆனால் எந்தத் தடவை சாயமிட்டது என்று காட்டும் லாட் எண் வேறு. டியூப்லைட்டில் வித்தியாசமே தெரியவில்லை. வெயிலில் விரித்தபோது ஏழாவது வரிசையிலிருந்து போர்வை மஞ்சளடித்தது. சீட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? இன்றும் நினைத்தால் எரிச்சல்தான்.

மூன்று சுற்று முடிந்த பத்துச் சதுரங்களைச் சமையலறைத் தராசில் நிறுங்கள். ஒற்றைச் சதுரத்தின் எடையை அது சரியாகக் காட்டாது. இணைத்தபின் அதே பத்தை மீண்டும் நிறுங்கள். 60 கிராம் 100 ஆனால், நூறு சதுரத்துக்கு 400 கிராம் வேண்டும். ஓரத்துக்கும் கூடுதலாகச் சேர்த்து, ஒரே லாட்டில் வாங்குங்கள். வேறு லாட் தவிர்க்க முடியாததென்றால், பழையது பாதி இருக்கும்போதே இரண்டையும் சதுரத்துக்குச் சதுரம் மாற்றிப் பின்னுங்கள்.

நான்கு மூலை கூடும் இடம்

மூலையின் இரண்டு சங்கிலிக்குப் பதிலாக ஒரு சங்கிலி, எதிர்மூலை இடைவெளியில் ஒரு ஸ்லிப் ஸ்டிச், மறுபடி ஒரு சங்கிலி. நான்காவது சதுரம் வரும்போது பக்கத்துச் சதுரத்தில் குத்தாமல், குறுக்கே எதிரிலிருக்கும் சதுரத்தின் மூலையில் குத்துங்கள். இல்லாவிட்டால் நடுவில் விரல் நுழையும் ஓட்டை விழும்.

ஒரே மூலையில் நிறம் மாற்றுவது

ஒவ்வொரு சுற்றையும் வேறு மூலையில் தொடங்குங்கள். தொடக்கச் சங்கிலிகள் ஒரே பக்கம் சேர்ந்தால் அங்கே கோடு கிழித்தது போலத் தெரியும்.

முடிச்சு

வேண்டாம். 15 செ.மீ. வால் விட்டு, ஊசியில் கோத்து, அதே நிறக் கொத்துகளுக்குள் போய்த் திரும்பி மறுபடியும் போங்கள். வாலின் மேலேயே பின்னிவிட்டால் போதும் என்று நினைத்தால், துவைக்கும்போது நழுவி வெளியே வந்துவிடும்.