வயசில மூத்த ஆளுக்கு நீங்கள் மேனேஜர் எண்டால்

பரந்தன் பக்கம் ஒரு நெல்லு மில்லில 27 வயசில மேனேஜராப் போனன், எனக்குக் கீழ வேலை செய்த அண்ணைக்கு 58, நெல்லைக் கடிச்சுப் பாத்தே எவ்வளவு காஞ்சிருக்கு எண்டு சொல்லுவார். ஒருநாள் பெடியளுக்கு முன்னால ஈரம் அளக்கிற மீட்டரை வச்சு "இது 16 காட்டுது, திரும்பக் காயப்போடுங்கோ" எண்டிட்டன். அண்டையில இருந்து எதைக் கேட்டாலும் "நீங்கள் சொல்லுற மாதிரியே செய்வம் தம்பி" தான். அந்தப் பதில் வந்தா கவனம், மரியாதை இல்லை அது, மனுசன் ஒதுங்கிட்டார்.

ஒரு பின்னேரம் அவரோட தனிய பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால சொன்னது பிழை எண்டு சொன்னன். பிறகு ரெண்டு கிழமை அவர் முதல்ல கடிச்சு ஒரு நம்பர் சொல்லுவார், அதுக்குப் பிறகுதான் மீட்டர், ரெண்டையும் கொப்பியில எழுதினம். வெயில் நாளில அவர் அனேகமாச் சரி, மழை நாளில தவறும். ஆனா நான் மூட்டையிட மேல்பக்கத்தில மட்டும் சாம்பிள் எடுக்கிறதைப் பிடிச்சதும் அவர்தான், அடியில ஈரம் கிடந்தது.

இப்ப களத்தில எவ்வளவு நேரம் காயிறது, எப்ப கிளறுறது அவற்ற முடிவு. ஈரம் 14 வீதத்துக்கு மேல எண்டால் நெல்லு ஸ்டோருக்குள்ள போகாது, அது என்ர முடிவு, அதில வயசு பாத்து விட்டுக்குடுக்கிறேல்ல.