I எண்ணைக் கூட்டினால் வேகம் குறைந்தது: பிஐடி பாடத்தை மொழிபெயர்த்த அனுபவம்

ராணிப்பேட்டையில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பயிற்சி மாணவர்களுக்காக, வெப்பம் போன்றவற்றைக் குறித்த அளவில் நிறுத்தும் பிஐடி கன்ட்ரோலர் பற்றிய பாடத்தைத் தமிழாக்கினேன். செய்முறையில் தண்ணீர்த் தொட்டியை 60 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். 57-லேயே நெடுநேரம் நின்றது. "பிழை தீராவிட்டால் தொகைச் செயலைக் கூட்டுக" என்று எழுதியிருந்தேன்; மீதமுள்ள 3 டிகிரி பிழையைச் சேர்த்துச் சேர்த்துத் தீர்க்கும் I-ஐத்தான் சொன்னேன். பையன்கள் கூட்டினார்கள், இன்னும் மந்தமானது.

முதலில் வெப்பத்தை அளக்கும் ஆர்டிடி மேல் சந்தேகம். மாற்றினோம், பலனில்லை. பிறகு 'தொகை' என்ற சொல்தான் குழப்புகிறதோ என்று 'இன்டெக்ரல்' என்றே போட்டேன். அதுவும் வீண். மூன்று நாள் போயிற்று.

நான்காம் நாள் ஒரு பையன் கேட்டான்: "சார், I-ல 240 இருந்துச்சு, 480 ஆக்குனேன். அதுதானே கூட்டுறது?"

அங்கேதான் பிடிபட்டது. அந்தக் கன்ட்ரோலரில் I என்பது விநாடி. அளவு 0–100 டிகிரி, P பட்டை 10 சதவீதம், அதாவது 10 டிகிரி பிழைக்கு P முழு வெளியீடு தரும். 3 டிகிரி பிழைக்கு P தருவது 30 சதவீத வெளியீடு. பிழை அப்படியே நின்றால், இன்னொரு 30 சதவீதத்தை I சேர்க்க எடுக்கும் நேரமே அந்த 240 விநாடி. 480 வைத்தால் இரட்டிப்பு நேரம். P-யும் பட்டையாக இருப்பதால் தலைகீழ்தான்: எண் ஏறினால் செயல் தளரும். பிழை மாறும் வேகத்தைப் பார்க்கும் D மட்டும் நேர்: எண் ஏறினால் செயலும் ஏறும்.

'செயல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்: "I எண்ணை 240-லிருந்து 180 ஆகக் குறை. வெப்பம் 60-ஐத் தாண்டி மேலும் கீழும் ஆடத் தொடங்கினால், குறைத்தது அதிகம், சற்று ஏற்று." அன்று மாலையே தொட்டி 60-ல் நின்றது. அப்பாடா என்றிருந்தது.