பார்ஷியல் ரெண்டும் இருக்கு, அப்ப டிஃபரன்ஷியபிள் தானே?

பசங்க டெஸ்ட் பேப்பர் திருத்தும்போது எப்பவும் ஒரே இடத்துல தான் சிவப்பு பேனா நிக்குது, அதான் இதை எழுதலாம்னு உக்காந்தேன். கணக்கு இதுதான்:

```
f(x, y) = x²y / (x² + y²)
f(0, 0) = 0
```

இது ஒரிஜின்ல டிஃபரன்ஷியபிளா? கிட்டத்தட்ட பாதி பேர் "இல்லை"ன்னு சரியா எழுதுறாங்க, ஆனா காரணம் தப்பு. கோஷன்ட் ரூல் போட்டு x-ஐ வச்சு டெரிவேடிவ் எடுத்தா `2xy³/(x²+y²)²` வருது, அதுல x-க்கும் y-க்கும் 0 போட்டா 0/0, உடனே "பார்ஷியல் கிடையாது, அதனால டிஃபரன்ஷியபிள் இல்ல"ன்னு அடிக்கோடு போட்டு முடிச்சிடுறாங்க. அந்த ஃபார்முலா ஒரிஜினைத் தவிர மத்த எல்லா புள்ளிக்கும் தான்பா. ஒரிஜின்ல ஃபங்ஷனோட மதிப்பையே தனியா 0-ன்னு சொல்லி வச்சிருக்காங்க, அதனால அங்க டெரிவேடிவையும் டெஃபனிஷன்ல இருந்து தான் எடுக்கணும், ஷார்ட்கட் செல்லாது.

எடுத்துப் பாத்தா ரெண்டு நொடி வேலை. y = 0 வச்சா மேல இருக்கிற y-னால f(h, 0) = 0, அப்ப (f(h,0) − f(0,0))/h எந்த h-க்கும் 0, லிமிட்டும் 0. x = 0 வச்சாலும் அதே கதை தான். ஆக ரெண்டு பார்ஷியலும் இருக்கு, ரெண்டுமே 0.

இங்க தான் மிச்ச பாதி பேர் விழுறாங்க. "ரெண்டும் இருக்கு, அதனால டிஃபரன்ஷியபிள்." ஒரு வேரியபிள் கணக்குல டெரிவேடிவ் இருந்தாலே டிஃபரன்ஷியபிள்னு பழகிட்டோம்ல, அந்தப் பழக்கம் இங்கயும் கூடவே வந்துடுது.

ஒரு நாலு ரோட்டு சந்திப்புல நிக்கிறதா நினைச்சுக்கோங்க. கிழக்கு மேற்கா போற ரோடு x அச்சு, தெற்கு வடக்கா போறது y அச்சு. ரெண்டு ரோடும் சமமா, ஏத்தம் இறக்கம் இல்லாம இருக்கு. பார்ஷியல் சொல்றது அவ்ளோதான், ரோட்டைப் பத்தி மட்டும். ரோட்டுக்கு நடுவுல நாலு மூலையிலயும் இருக்கிற மனையில மேடு இருக்கா பள்ளம் இருக்கான்னு அதுக்கு சுத்தமா தெரியாது. நம்ம ஃபங்ஷன்ல வடக்குப் பக்கம் இருக்கிற ரெண்டு மனையும் மேடு, தெற்குப் பக்கம் ரெண்டும் பள்ளம், அதுவும் சந்திப்புல கால் வச்ச இடத்துலயே ஏத்தம் ஆரம்பிச்சிடும்.

நேரா வடகிழக்கா, x = y-ன்னு நடந்து பாருங்க. (0.01, 0.01)-ல f = 0.000001/0.0002 = 0.005. ஒரிஜின்ல இருந்து நடந்த தூரம் 0.01414. உயரத்தை தூரத்தால வகுத்தா 0.354 வருது. சரி இன்னும் பத்து மடங்கு கிட்ட போவோம், (0.001, 0.001)-ல உயரம் 0.0005, தூரம் 0.001414, வகுத்தா திரும்பவும் அதே 0.354. எவ்ளோ கிட்ட போனாலும் மாறாது, அது 1/(2√2).

இது ஏன் முக்கியம்னா, டிஃபரன்ஷியபிள்னா என்ன அர்த்தம்? அந்தப் புள்ளியில ஒரு தட்டையான ப்ளேன் வச்சா, நம்ம சர்ஃபேஸுக்கும் ப்ளேனுக்கும் இருக்கிற இடைவெளி, நாம நகர்ந்த தூரத்தை விட வேகமா சுருங்கணும். பார்ஷியல் ரெண்டும் 0-ங்கிறதால இங்க வைக்க முடிஞ்ச ஒரே ப்ளேன் z = 0 தான், வேற சாய்ஸே இல்ல. அப்ப இடைவெளிங்கிறது f-ஏ தான். x பக்கம் h, y பக்கம் k நகர்ந்தா, அதை தூரத்தால வகுத்து செக் பண்ண வேண்டியது இது:

```
h²k / (h² + k²)^(3/2)  →  0 ?
```

h = k-ல 0.354-லயே நிக்குதுன்னு இப்ப தான பாத்தோம். லிமிட் 0 இல்ல, அதனால டிஃபரன்ஷியபிள் இல்ல, கணக்கு முடிஞ்சுது.

இந்த ஸ்டெப் வரைக்கும் வந்துட்டு தூரத்தால வகுக்க மறந்துடுற ஆளுங்க உண்டு. அவங்க வெறும் `h²k/(h²+k²)`-ஐ பாத்து, இது |k|-ஐ தாண்டாது, அதனால 0-க்கு போகுது, அப்ப டிஃபரன்ஷியபிள்னு எழுதிடுறாங்க. அவங்க ப்ரூவ் பண்ணது ஒரிஜின்ல f கன்டினியுவஸ்ங்கிறதை மட்டும் தான். அது உண்மைதான், ஆனா கேட்ட கேள்வி அது இல்ல. இடைவெளி 0 ஆகுறது வேற, தூரத்தை விட வேகமா 0 ஆகுறது வேற.

சரி, இதைப் படிச்சிட்டு "அப்ப எல்லா நேர்கோட்டுலயும் செக் பண்ணிட்டா போதும்"னு ஒரு புது தப்பு பிறக்கும், எனக்கே காலேஜ்ல படிக்கும்போது இது புரிய ரொம்ப நாள் ஆச்சு. இதை எடுத்துக்கோங்க:

```
g(x, y) = x³y / (x⁴ + y²)
g(0, 0) = 0
```

இதுலயும் பார்ஷியல் ரெண்டும் 0. y = mx-ன்னு எந்த நேர்கோட்டுல போனாலும் g = mx²/(x² + m²) ஆகுது, மேல x² இருக்கிறதால தூரத்தால வகுத்தாலும் 0-க்கு தான் போகும். அதாவது எந்தத் திசையில பாத்தாலும் டெரிவேடிவ் 0, கன்டினியுவஸும் கூட, பாக்க அவ்ளோ சாது. ஆனா y = x²-ங்கிற வளைவுல வாங்க. x = 0.01, y = 0.0001 போட்டா மேல 10⁻¹⁰, கீழ 2×10⁻⁸, g = 0.005. தூரம் கிட்டத்தட்ட 0.01. வகுத்தா பாதி! x-ஐ எவ்ளோ சின்னதாக்குனாலும் பாதியில தான் நிக்கும். நேர்கோட்டுல மட்டும் தேடுனவனுக்கு இது கண்லயே படாது. அதனால "இல்லை"ன்னு காட்ட ஒரு பாதை போதும், "ஆமா"ன்னு காட்ட எத்தனை பாதை பாத்தாலும் பத்தாது, ஒரிஜின்ல இருந்து இருக்கிற தூரம் r-ஐ வச்சு ஒரு மேல் எல்லை காட்டி தான் ஆகணும்.

கடைசியா இதுக்கு எதிர்த்திசையில ஒரு தப்பு இருக்கு. பார்ஷியல் அந்தப் புள்ளியைச் சுத்தி இருந்து, அந்தப் புள்ளியில கன்டினியுவஸாவும் இருந்தா ஃபங்ஷன் அங்க டிஃபரன்ஷியபிள்னு ஒரு தேற்றம் இருக்குல்ல, அதை சில பேர் தலைகீழா பிடிச்சிக்கிறாங்க. நம்ம f-க்கு x = y-ல f_x எப்பவும் 1/2, ஒரிஜின்ல 0, அதனால f_x கன்டினியுவஸ் இல்ல, "ஆகவே டிஃபரன்ஷியபிள் இல்ல"ன்னு முடிப்பாங்க. இந்தக் கணக்குல விடை தற்செயலா சரியா வந்துடும், அதனால தப்பு தெரியவே தெரியாது. அதே வாதத்தை r² sin(1/r)-க்கு போட்டா (r-ங்கிறது ஒரிஜின்ல இருந்து தூரம், ஒரிஜின்ல மதிப்பு 0) மாட்டிப்பாங்க. அதோட பார்ஷியல் x அச்சுல, x பாசிட்டிவா இருக்கும்போது, 2x sin(1/x) − cos(1/x), ஒரிஜின் கிட்ட வர வர மேலயும் கீழயுமா ஆடிக்கிட்டே இருக்கும், லிமிட்டே கிடையாது. ஆனா இடைவெளியை தூரத்தால வகுத்தா r sin(1/r), அது r-ஐ தாண்டாது, 0-க்கு போயிடும். ஜம்முனு டிஃபரன்ஷியபிள்.