வட்ஸ்அப் ஓர்டர் காணொளியில் நான் மாற்றியவை

கிளிநொச்சியிலிருந்து ஒடியல் மாவும் பனங்கட்டியும் விற்கும் எனக்கு, முதன்முறை வாங்குவோரிடமிருந்து ஒரே முறைப்பாடு வந்துகொண்டிருந்தது: "ஓர்டர் போட்டனான், இன்னும் பொருள் வரேல்லை." எனக்கோ எந்தச் செய்தியும் கிடைத்திருக்காது. பரந்தனைச் சேர்ந்த ஓர் அக்காவின் கைபேசியைப் பார்த்தபோது, இரண்டு பொதி ஒடியல் மா கூடையில் அப்படியே கிடந்தது. அவர் Add to cart என்பதுடன் நிறுத்தியிருந்தார். Place order என்பதை அழுத்தும்வரை அந்தக் கூடை வாங்குபவருக்கு மட்டுமே தெரியும். விற்பவருக்கு எதுவும் வராது.

ஆகவே விளக்கக் காணொளியைப் புதிதாக எடுத்தேன். பட்டியலைத் திறப்பதையும் பொருளைத் தெரிவதையும் விரைவாகக் காட்டிவிட்டு, View cart, Place order ஆகிய இரண்டுக்கும் பாதி நேரத்தை ஒதுக்கினேன். அனுப்பிய ஓர்டர் உரையாடலில் ஒரு செய்தியாகத் தோன்றுவதைக் காட்டி, "இது தெரிந்தால்தான் எமக்குக் கிடைத்திருக்கிறது" என்று குரலில் சொன்னேன். திரையைப் பதிவுசெய்யும்போது விரல் தொடும் இடம் புள்ளியாகத் தெரியும் வசதியை இயக்கினேன்; அது இல்லாவிட்டால் எதை அழுத்துவது என்பது வயதானவர்களுக்குப் புலப்படாது. பிறர் பெயரும் இலக்கமும் பதிவாகாமலிருக்க அறிவித்தல்களை நிறுத்திவைத்தேன்.

அனுப்பிய கூடையைத் திருத்த முடியாது என்பதால், அளவை மாற்ற விரும்புவோர் செய்தியாக எழுதவேண்டும் என்பதையும் சேர்த்தேன். கூடை முகவரியைக் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டிலக்கத்தைவிடச் சந்தியும் கோயிலுமே வழிகாட்டுவதால், கடைசிக் காட்சியில் ஊர், அருகிலுள்ள சந்தி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தட்டச்சுச் செய்து காட்டியிருக்கிறேன்.